கிளினிக் கதவில் ஒட்டியிருந்த அறிவித்தல்

எமது பகுதியிலுள்ள ஒரு அரச வைத்தியசாலையின் கிளினிக் கதவில் சில மாதங்களுக்கு முன்புவரை ஒட்டப்பட்டிருந்த அறிவித்தலை முதலில் அப்படியே தருகிறோம். வைத்தியசாலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்குள்ளவர்கள் எம்மோடு உட்கார்ந்து பேசி அதை மாற்றியும் விட்டார்கள். இதுபோன்ற அறிவித்தல் அந்த ஒரு கதவில் மட்டும் இருந்ததும் இல்லை.

"அறிவித்தல்!!
நியமனத் திகதியில் சமுகமளிக்காதோருக்கு மருந்து வழங்கப்பட மாட்டாது.
காலை 9.00 மணிக்குப் பின் வருவோர் எக்காரணம் கொண்டும் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டார்கள்.
நியமனத்தை இரத்துச் செய்வோர் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்.
இரத்தப் பரிசோதனைக்கு உணவருந்தி வருவோர் திருப்பி அனுப்பப்படுவர்.
பெருந்தொகையான நோயாளர் குறித்த தினத்தில் வருவதில்லை. இது அரச வளங்களை வீணாக்கும் செயலாகும்."

சிவப்பு மையில், எல்லாம் தடித்த எழுத்தில் இருந்தது.

எமது அங்கத்தவரான ஒரு சகோதரிக்கு வயது 52. பிரஷரும் சீனி வருத்தமும் உண்டு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமை கிளினிக். அன்று காலை பெரட்டுக்குப் போய் கங்காணியிடம் சொல்லிவிட்டு, மூன்று கிலோமீற்றர் இறங்கி ரோட்டுக்கு வந்தபோது 7.15 பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் 8.30க்கு. வைத்தியசாலைக்குள் அவர் நுழைந்தபோது மணி 9.20. கதவில் இருந்ததைப் படித்தார். உள்ளே மிஸ் இருந்தார், கதவும் பாதி திறந்துதான் இருந்தது. ஆனாலும் அவர் தட்டவில்லை. அடுத்த பஸ்ஸில் வீடு திரும்பிவிட்டார். கையில் அன்றைக்கும் மறுநாளைக்கும் மட்டுமே மாத்திரை இருந்தது.

பதினொரு நாள் கழித்து, மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது தலை சுற்றி விழுந்தார். பிரஷர் மிக உயர்ந்திருந்தது. வார்ட்டில் வைத்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இடது கை இன்னும் முன்போல் வேலை செய்யவில்லை. மாத்திரை நின்றதால்தான் இது நடந்தது என்று அடித்துச் சொல்ல நாம் வைத்தியர்கள் அல்ல. பிரஷர் மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து என்பதை மட்டும் வைத்தியர் எம்மிடம் தெளிவாகச் சொன்னார்.

ஏன் கதவைத் தட்டவில்லை என்று தோட்டக் கமிட்டித் தலைவர் அவரிடம் கேட்டார். "போர்டுல போட்டிருக்கே தலைவரே. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்கிறது?" என்றார்.

இந்தப் பதிலை எடுத்துக்கொண்டுதான் எமது பிரதிநிதிகள் இருவர் அந்தக் கிளினிக்கின் பொறுப்பு மிஸ்ஸைச் சந்திக்கப் போனார்கள். சண்டை பிடிக்கும் நோக்கத்தோடுதான் போனார்கள் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் போன இடத்தில் அவர் சொன்ன முதல் வார்த்தையே அவர்களைத் திகைக்க வைத்தது. "9.20க்கு வந்தா நாங்க பார்த்திருப்பமே. 10.30 வரைக்கும் வாற எல்லாரையும் கடைசியா பார்த்துத்தான் அனுப்புறோம்."

அப்படியானால் கதவில் இருந்தது நடைமுறையில் இல்லாத விதி. எழுதியவர் கண்டிப்பாக எழுதினால்தான் நேரத்துக்கு வருவார்கள் என்று எண்ணி 9 மணி என்று போட்டிருக்கிறார். உள்ளே இருந்தவர்களோ மனிதாபிமானத்தோடு 10.30 வரை பார்த்து வந்திருக்கிறார்கள். இதனால் என்ன நடக்கிறது? வாய் உள்ளவன், டவுனில் பழகியவன், மிஸ்ஸைத் தெரிந்தவன் கதவைத் தட்டி உள்ளே போகிறான். எழுதியதை எழுதியபடி மதிப்பவர் திரும்பிப் போகிறார். நடைமுறையை விடக் கடுமையாக எழுதப்பட்ட அறிவித்தல், சொன்னபடி கேட்கும் ஆட்களைத்தான் தண்டிக்கிறது. தோட்டத்து மக்களாகிய நாம் பெரும்பாலும் அந்த வகை. பரம்பரையாக போர்டுக்கும் துண்டுக்கும் பயந்து பழகியவர்கள்.

பொறுப்பு மிஸ் இன்னொன்றும் சொன்னார். அந்த 9 மணிக்குப் பயந்து சிலர் விடிகாலை நாலரைக்கே வந்து பூட்டிய கேற்றின் முன் பனியில் நிற்கிறார்களாம். நேரத்துக்கு வரச் சொன்ன அறிவித்தல் சிலரை மூன்று மணி நேரம் முந்தி வரவைத்தது, சிலரை வராமலே ஆக்கியது.

அன்று பேசி முடித்தபோது ஒரு முடிவுக்கு வந்தார்கள். விதிகள் எதற்காக இருக்கின்றன என்பதை கிளினிக்கார் சொல்வது, அதை மக்கள் பேச்சில் எழுதிக் கொடுப்பது எமது வேலை, எழுதியதை வைத்தியரும் மிஸ்ஸும் பார்த்துச் சரியென்றால்தான் ஒட்டுவது. அந்த வேலை மூன்று வாரம் பிடித்தது. ஒரு பக்க அறிவித்தலுக்கு மூன்று வாரமா என்று சிலர் கேட்கலாம். எப்படிப் போனது என்று சொல்கிறோம்.

முதலில் மொழி. "நியமனத் திகதி" என்றால் என்ன? எமது ஐந்து அங்கத்தவர்களிடம் கேட்டோம். மூன்று பேர் வேலைக்கு நியமனம் கிடைக்கும் நாள் என்றார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி. தமிழில் நியமனம் என்றால் ஆசிரியர் நியமனம், அரச நியமனம் என்றுதான் பொருள் கொள்கிறோம். வேறு மொழியில் எழுதியதை அகராதி பார்த்து மாற்றியவர் இந்தச் சொல்லை எடுத்துப் போட்டிருக்கிறார். மக்கள் "கிளினிக் திகதி" என்றுதான் சொல்கிறார்கள். அதையே போட்டோம். பக்கத்தில் ஒட்டியிருந்த சிங்கள அறிவித்தலில் ஒவ்வொரு வரியும் "கருணாகர" என்று, அதாவது தயவுசெய்து என்று, தொடங்கியிருந்ததையும் கவனித்தோம். தமிழுக்கு வரும்போது அந்தச் சொல் மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று. தயவுசெய்து என்ற சொல்லும் அதோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும்.

"இரத்துச் செய்வோர்" என்பதும் அப்படியே. கிளினிக் திகதியை யாரும் இரத்துச் செய்வதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், மரண வீடு வரும், மண் சரிந்து பாதை மூடும், போக முடியாமல் போகும். "வர முடியாமல் போனால்" என்று எழுதினால் எல்லாருக்கும் விளங்கும். அதைவிட முக்கியம், பழைய அறிவித்தல் "முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்" என்றதே தவிர யாருக்கு, எப்படி, எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. தொலைபேசி இலக்கமே இல்லை. செய்ய வழி காட்டாமல் செய்யச் சொல்லும் வரியால் ஒருவருக்கும் உதவியில்லை. படிப்பவருக்குத் தன்மேல் ஒரு குற்றம் விழுந்தது மட்டும்தான் தெரியும்.

அடுத்தது வசனத்தின் அமைப்பு. வருவோர், செய்வோர், சமுகமளிக்காதோர். ஏற்றுக்கொள்ளப்பட மாட்டார்கள், வழங்கப்பட மாட்டாது, அனுப்பப்படுவர். இப்படி எழுதும்போது படிப்பவர் பெயரில்லாத ஒரு கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறார். மறுப்பவர் யார் என்பதும் தெரியாது. அதையே "நீங்கள் பிந்தி வந்தால் மிஸ்ஸிடம் சொல்லுங்கள், நாங்கள் கடைசியில் பார்ப்போம்" என்று எழுதினால் இரண்டு பக்கமும் மனிதர்கள் நிற்கிறார்கள். விதி மாறவில்லை. பிந்தி வருபவர் இதிலும் கடைசிதான்.

விதிகளின் காரணங்களை மிஸ் சொல்லச் சொல்லத்தான் எமக்கே விளங்கின. காலை 9 மணி ஏன்? இரத்த மாதிரிகளை ஆய்வுகூடம் 9 மணி வரைதான் எடுக்கிறது. பரிசோதனைக்கு வருபவர்களுக்குத்தான் 9 மணி கட்டாயம். மருந்துக்கு மட்டும் வருபவர்களுக்கு அந்த 9 மணியோடு சம்பந்தமே இல்லை. 10.30 ஏன்? வைத்தியர் அதற்குப் பிறகு வார்ட்டுக்குப் போகிறார், மருந்து கொடுக்கும் யன்னல் நண்பகல் 12க்கு மூடுகிறது. இரண்டு வெவ்வேறு காரணங்களை ஒரே வரியில் போட்டு எல்லார் தலையிலும் கட்டியிருந்தது அந்த அறிவித்தல்.

மாத்திரைக் கணக்கையும் பார்த்தோம். நான்கு வாரத்துக்கு 28 நாள் மாத்திரை. கிளினிக் நாள் போயாவில் விழுந்து அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிப் போனால் ஏழு நாள் மாத்திரை இல்லை. திகதியைத் தவறவிட்டவரின் நிலையும் இதுதான். பழைய அறிவித்தல்படி அவருக்கு மருந்து கிடையாது. அதைப் படித்தவர் அடுத்த திகதி வரை, அதாவது இன்னும் 28 நாள், மாத்திரை இல்லாமல் இருப்பார். வைத்தியர் இதைக் கேட்டு, "அப்படி ஒருநாளும் நாங்கள் நினைத்ததில்லை. மாத்திரை தீர்ந்தால் எந்தக் கிழமை நாளிலும் வெளிநோயாளர் பிரிவுக்கு கொப்பியோடு வரட்டும்" என்றார். அந்த ஒரு வரிக்காகவே இந்த வேலை தகும்.

எழுதியதும் உடனே ஒட்டிவிடவில்லை. லயத்தில் ஐந்து பேரிடம் கொடுத்தோம்: ஓய்வு பெற்ற ஒரு தாத்தா, மூன்று கொழுந்தெடுக்கும் பெண்கள், சாதாரண தரம் படிக்கும் ஒரு பையன். "விளங்குதா?" என்று நாம் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், படித்தவர் முன்னால் விளங்கவில்லை என்று சொல்ல யாருக்கும் கூச்சம். பதிலாக, "நீங்க பத்து மணிக்குத்தான் போய்ச் சேர்றீங்க, என்ன செய்வீங்க?" "நாளைக்கு மாத்திரை தீருது, கிளினிக் அடுத்த கிழமைதான், என்ன செய்வீங்க?" என்று கேட்டோம். எமது முதல் எழுத்து இரண்டு இடத்தில் தோற்றது.

"10.30 வரை பார்ப்போம்" என்று நாம் அன்பாக எழுதியதைப் படித்த ஒரு பெண், "அப்ப பத்து மணிக்குப் போனாப் போதும்" என்றார். கிளினிக்கார் பயந்தது இதுதான், அதில் நியாயமும் உண்டு. எல்லாரும் பத்துக்கு வந்தால் வைத்தியரால் பார்த்து முடிக்க முடியாது. எனவே பிந்தினால் என்ன ஆகும் என்பதை உள்ளபடி சேர்த்தோம்: கடைசியாகத்தான் பார்க்க முடியும், அன்று இரத்தம் எடுக்க முடியாது, வீட்டுக்குப் போக மத்தியானம் ஆகலாம். இதில் மிரட்டல் ஒன்றுமில்லை. பஸ் நேரத்தைப் பார்த்து ஒருவர் தானே முடிவெடுக்கத் தேவையான தகவல்.

இரண்டாவது, "வெறும் வயிற்றில் வாருங்கள்" என்ற வரி. தாத்தா படித்துவிட்டு, "சாப்பிட மாட்டேன், தேத்தண்ணி மட்டும் குடிச்சிட்டுப் போவேன்" என்றார். விடிந்ததும் தேத்தண்ணி குடிப்பதை நாம் யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. சீனி போட்ட தேத்தண்ணி உள்ளே போனால் இரத்தத்தில் சீனியின் அளவு மாறிவிடும், பரிசோதனை வீண். "தேத்தண்ணியும் வேண்டாம், பச்சைத்தண்ணி குடிக்கலாம்" என்று மாற்றினோம். பழைய அறிவித்தலின்படி திருப்பி அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் இந்தத் தேத்தண்ணிக்காரர்களோ!

கடைசி வரியை, அதாவது வளங்களை வீணாக்கும் செயல் என்பதை, நாம் எடுத்துவிடச் சொன்னோம். மிஸ் முதலில் தயங்கினார். வராதவர்களுக்கு உறைக்க வேண்டாமா என்றார். ஆனால் கதவில் இருப்பதைப் படிப்பவர்கள் அன்று வந்தவர்கள். வராதவரைத் திட்டும் வரியை வந்தவர்தான் ஒவ்வொரு மாதமும் படித்துக்கொண்டிருக்கிறார். இன்னொரு தீங்கும் உண்டு. பலர் வருவதில்லை என்று எழுதி வைத்தால், வராமலிருப்பது ஊர் வழக்கம் என்ற எண்ணம்தான் பரவும். இங்கிலாந்தில் சில வைத்திய நிலையங்களில் இதைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். வராதோர் தொகையைக் காட்டும் அறிவித்தலை எடுத்துவிட்டு, பெரும்பாலானோர் நேரத்துக்கு வருகிறார்கள் என்று எழுதினார்கள். அடுத்த திகதியை ஊழியர் எழுதிக் கொடுக்காமல் நோயாளரே தன் கையால் எழுதிக்கொள்ளச் செய்தார்கள். வராதோர் தொகை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. கையால் எழுதும் யோசனை மிஸ்ஸுக்குப் பிடித்துவிட்டது. இப்போது எழுதத் தெரிந்தவர்கள் கொப்பியில் தாங்களே திகதியை எழுதுகிறார்கள். தெரியாதவர்கள் திகதியை வாயால் திருப்பிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இப்போது கதவில் இருப்பது இது:

"கிளினிக்குக்கு வருபவர்களுக்கு
வணக்கம். செவ்வாய்க்கிழமை காலை 7.30க்கு இலக்கம் கொடுக்கத் தொடங்குவோம். அதற்கு முன் வந்து காத்திருக்கத் தேவையில்லை.
இரத்தம் எடுக்கும் நாளென்றால் 9 மணிக்கு முன் வாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிட வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம். பச்சைத்தண்ணி குடிக்கலாம். சீனி மாத்திரையையும் இன்சுலினையும் சாப்பாட்டையும் கையோடு கொண்டுவாருங்கள், இரத்தம் எடுத்தபின் சாப்பிடலாம்.
பஸ் பிந்திவிட்டதா? திரும்பிப் போக வேண்டாம். 10.30 வரை மிஸ்ஸிடம் கொப்பியைக் கொடுங்கள். நேரத்துக்கு வந்தவர்களைப் பார்த்தபின் உங்களைப் பார்ப்போம். மத்தியானம் ஆகலாம். அன்று இரத்தம் எடுக்க முடியாது.
வர முடியாமல் போனால் கீழே உள்ள இலக்கத்துக்கு பி.ப. 1 மணி முதல் 3 மணிக்குள் சொல்லுங்கள். அல்லது கிளினிக்குக்கு வரும் பக்கத்து வீட்டாரிடம் கொப்பியைக் கொடுத்தனுப்புங்கள். வேறு திகதி எழுதித் தருவோம்.
மாத்திரை தீர்ந்துவிட்டால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். கிழமை நாளில் கொப்பியோடு வெளிநோயாளர் பிரிவுக்கு வாருங்கள்.
நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் விழுதல், பேச்சுக் குழறுதல் இருந்தால் இலக்கமும் வேண்டாம், திகதியும் வேண்டாம். உடனே வாருங்கள், அல்லது 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்."

கறுப்பு மை, வெள்ளைத் தாள். "திரும்பிப் போக வேண்டாம்" என்ற மூன்று சொல் மட்டும் தடித்த எழுத்தில். பழைய அறிவித்தலை விட இது நீளம் என்பது உண்மைதான். ஆனால் பழையதைப் படித்தபின்னும் மிஸ்ஸிடம் ஏழு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. வாசிக்கத் தெரியாதவர்களுக்காக இலக்கம் கொடுக்கும் தம்பி காலையில் ஒருமுறை சத்தமாகப் படிக்கிறார்.

அறிவித்தலால் ஆகாததும் உண்டு. தாளை மாற்றியதால் 7.15 பஸ் நின்று போகப் போவதில்லை. கிளினிக் நாளில் பெரட்டுக்கு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று சொல்லும் தோட்டங்களில் அதுதான் முதல் தாமதம். முந்திய நாளே கொப்பியைக் காட்டிச் சொல்லிவிட்டு காலையில் நேரே பஸ்ஸுக்குப் போகலாம் என்ற ஏற்பாட்டை இரண்டு தோட்டங்களில் நிர்வாகத்தோடு பேசி முடித்திருக்கிறோம். மற்றத் தோட்டங்களில் பேச்சு நடக்கிறது. அந்த நாளுக்கான பேர் பற்றிய கோரிக்கை தனியாக இருக்கிறது, அதை இதோடு குழப்பவில்லை. கிளினிக்குக்கு எப்போதும் பிந்தும் அங்கத்தவர்கள் எந்தத் தோட்டம், எந்த பஸ் என்று மாவட்டக் காரியாலயத்துக்கு எழுதித் தாருங்கள். தூரத்துத் தோட்டத்தாருக்கு கொப்பியிலேயே 9.30 என்று நேரம் போட்டுக் கொடுப்பதை மிஸ் யோசித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு அவருக்கு இந்த விபரம் வேண்டும்.

வைத்தியசாலைக் கதவைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு எமது கதவைப் பார்க்காமல் விட முடியவில்லை. மாவட்டக் காரியாலயத்தின் வாசலில் பல வருடமாக ஒரு தாள் தொங்கியது: "சந்தா நிலுவையில் உள்ளோரின் முறைப்பாடுகள் கவனத்திற் கொள்ளப்பட மாட்டாது. பி.ப. 3 மணிக்குப் பின் வருவோர் சந்திக்கப்பட மாட்டார்கள்." நிலுவை இருந்தாலும் முறைப்பாட்டை எடுத்துத்தான் வந்திருக்கிறோம். மூன்றரைக்கு வந்தவரையும் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறோம். அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் படியிறங்கிப் போனார்கள் என்பதற்கு எம்மிடம் கணக்கு இல்லை. தாளைக் கழற்றியாயிற்று. புதிதாக எழுதியது இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. லயத்தில் நாலு பேருக்குப் படித்துக் காட்டி, விளங்காத வரியின் கீழே கோடு போட்டு, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.